வணக்கத்துக்குப் பிறகு முதல் ஒரு நிமிடம்

"நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஒரு கிராமத்து மகளிர் குழுக் கூட்டத்தில் பாம்புக்கடி பற்றி ஏழு நிமிஷம் பேசணும். எப்பவும் 'அனைவருக்கும் காலை வணக்கம், இன்று நான் இதைப் பற்றிப் பேசப் போகிறேன்' என்றுதான் ஆரம்பிப்பேன். 'அதை விட்டுட்டு ஒரு சம்பவத்தோட ஆரம்பி' என்று மேடம் சொல்லிட்டாங்க. எப்படி ஆரம்பிக்கிறது? வணக்கமே சொல்லக் கூடாதா?"

வணக்கம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மாற்ற வேண்டியது அதற்கு அடுத்த வாக்கியத்தைத்தான். "பாம்புக்கடி பற்றிப் பேசப் போகிறேன்" என்றதும், கேட்கிறவர் மனதுக்குள் "தெரிஞ்ச விஷயம்தானே" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். கிராமத்தில் பாம்பைப் பார்க்காதவர் யார்? தலைப்பைக் கேட்டதுமே தனக்குத் தெரிந்ததை வைத்து மீதி ஏழு நிமிடத்தையும் அவரே நிரப்பிக்கொள்கிறார். பிறகு நீங்கள் பேசுவது அவருக்குப் பின்னணிச் சத்தம்தான். போதாக்குறைக்கு, நீங்கள் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று குழுத் தலைவி ஏற்கெனவே அறிவித்திருப்பார், பின்னால் பேனரிலும் எழுதியிருக்கும்.

உங்கள் மேடம் சொன்னதைச் செய்யப் போனால் பெரும்பாலானவர்கள் முதலில் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. முழுக் கதையையும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "ஒரு ஊரில் ஒரு விவசாயக் குடும்பம். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருநாள் அவர் வயலுக்குப் போனார்..." என்று போய், பாம்பு கடிப்பதற்கே ஒன்றரை நிமிடம் ஆகும். அடுத்த நிமிடத்தில் அவர் இறந்தும் போவார். எல்லாரும் "அடப் பாவமே" என்பார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. மீதி இருப்பது பாடம் மட்டும். நமக்கு வேண்டியது அந்தக் கதையில் ஒரே ஒரு தருணம். ஒரு இடம், ஒரு நேரம், ஒரு ஆள். அந்த ஆள் அந்த நேரத்தில் ஒரு முடிவு எடுக்கிறார். அது சரியா தப்பா என்று அவருக்கே இன்னும் தெரியாது. அவ்வளவுதான்.

அந்தத் தருணத்தை எங்கே தேடுவது? சம்பவங்களைப் புரட்டிப் பார்த்து "எது பரபரப்பாக இருக்கிறது" என்று தேடாதீர்கள். பேச்சு முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பெண்கள் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று முதலில் உங்களையே கேளுங்கள். பாம்புக்கடியில் இதற்குப் பல விடைகள் இருக்கின்றன. இறுக்கக் கட்டக் கூடாது, கீறி உறிஞ்சக் கூடாது, மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்கக் கூடாது. இதையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார்கள். அதிகம் கேட்டிராதது ஒன்று உண்டு: வலியே இல்லாத பாம்புக்கடி. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல சமயம் வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெளிவாகத் தெரியாது. சில மணி நேரத்தில் வயிற்று வலி வரும், கண் இமை தானாக இறங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை செயலிழக்கும். ஆக, இந்தப் பேச்சு மாற்ற வேண்டிய முடிவு எது? "ஒண்ணும் இல்ல" என்று திரும்பப் படுத்துக்கொள்கிற முடிவு. உங்கள் தருணம் அங்கேதான் இருக்கிறது, பாம்பு கடிக்கிற இடத்தில் இல்லை.

இனி எழுதிப் பார்ப்போம். நீங்கள் பேசுகிற மொழியிலேயே எழுதுங்கள்:

"வணக்கம். (நிறுத்தம்)

விடிகாலை மூணு மணி. தரையில பாய் போட்டுப் படுத்திருந்த ஒரு அக்கா திடுக்குன்னு முழிக்கிறாங்க. கால் விரல்ல ஏதோ சுருக்குன்னுச்சு. லைட்டைப் போட்டுப் பாக்கிறாங்க. ரத்தம் இல்ல. வீக்கம் இல்ல. பாயை உதறிப் பாக்கிறாங்க, ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரர் புரண்டு படுத்துக்கிட்டே சொல்றார்: 'எறும்பா இருக்கும், படு.' அவங்களும் லைட்டை அணைச்சிட்டுப் படுத்துட்டாங்க. (நிறுத்தம்)

அஞ்சு மணிக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறாங்க. கண் இமையைத் தூக்க முடியல. கடிச்சது எறும்பு இல்ல, கட்டுவிரியன். (நிறுத்தம்)

நான் நர்சிங் படிக்கிற பொண்ணு. வலிக்காத பாம்புக்கடியும் இருக்கு. மூணு மணிக்கு லைட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி அந்த அக்கா என்ன செஞ்சிருக்கணும்? இன்னைக்கு நாம பேசப் போறது அதைத்தான்."

நிறுத்தங்களையும் சேர்த்து நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். ஏழு நிமிடப் பேச்சுக்கு அது சரியான அளவு. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "இன்று பேசப் போகிறேன்" அங்கே இருக்கத்தான் செய்கிறது. தூக்கி எறியவில்லை, பின்னால் தள்ளி வைத்திருக்கிறோம். முதல் வாக்கியமாக இருந்தபோது அது வெறும் அறிவிப்பு. இப்போது கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே எழுந்துவிட்ட கேள்விக்கு "இதோ சொல்கிறேன்" என்கிற பதில். சம்பவத்தோடு ஆரம்பிக்கிற பலர் இந்த இணைப்பு வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள். கதையைச் சொல்லிவிட்டு "சரி, பாம்புகள் பல வகைப்படும்" என்று குதித்துவிடுவார்கள். கதை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று கிடக்கும்.

இதே கட்டமைப்பை ஒரு பிரபலமான பேச்சில் பார்க்கலாம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் செயலிழந்த விமானம் ஒன்று ஹட்சன் ஆற்றில் இறங்கியது. அதிலிருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பயணிகளில் ஒருவரான ரிக் எலியாஸ் 2011இல் டெட் மேடையில் அதைப் பற்றிப் பேசினார். மொத்தமே சுமார் 5 நிமிடம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை, நன்றி சொல்லவில்லை. மேலேறிக்கொண்டிருக்கிற விமானத்தில் 3,000 அடி உயரத்தில் ஒரு வெடிச்சத்தம், புகை, எஞ்சினின் கடகட ஓசை என்று நேராக உள்ளே போகிறார். தன் இருக்கை 1டி என்கிறார். விமானப் பணிப்பெண்கள் எதிரில் இருந்ததால் அவர்களோடு பேச முடிந்தது, முதலில் அவர்கள் "ஒன்றுமில்லை" என்றார்கள், பிறகு விமானி மோதலுக்குத் தயாராகச் சொன்னார், பணிப்பெண்ணின் கண்ணில் பயம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் "அன்று என்னைப் பற்றி நான் கற்றுக்கொண்ட மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்" என்கிற வாக்கியம் வருகிறது. தலைப்பு அங்கேயும் இருக்கிறது, தருணத்துக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் இறங்கிய கதையையும் அவர் அப்போது முடிக்கவில்லை.

அவர் பேச்சில் ஒன்றை மட்டும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் "கற்பனை செய்து பாருங்கள்" என்று தொடங்குகிறார். ஆங்கிலத்தில் அவருக்கு அது எடுபட்டது. நம் பட்டிமன்ற மேடைகளிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் அந்தச் சொற்றொடர் தேய்ந்து போய்விட்டது. அதைக் கேட்டதும் "சரி, பேச்சு ஆரம்பிச்சாச்சு" என்றுதான் தோன்றுமே தவிர, யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். "விடிகாலை மூணு மணி" என்று சொல்லுங்கள், அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள்.

தமிழில் இதை எழுதும்போது வருகிற ஒரு தனிச் சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேனாவை எடுத்தவுடன் நம் கை செய்தித்தாள் நடைக்குப் போய்விடும். "அதிகாலை மூன்று மணியளவில் பெண்மணி ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தபோது அவரது கால் விரலில் ஏதோ கடித்ததாக உணர்ந்தார்." தகவலில் ஒன்றும் குறையில்லை. ஆனால் இது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய அறிக்கை. "மணியளவில்", "பெண்மணி ஒருவர்", "உணர்ந்தார்" என்று வரும் இடமெல்லாம் கேட்கிறவரை வெளியே நிறுத்துகிறது. ஆகவே எழுதுவதற்கு முன்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியிடம் வாயால் சொல்லுங்கள், போனில் பதிவு செய்யுங்கள், பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். "அக்கா", "வீட்டுக்காரர்", "சுருக்குன்னுச்சு" எல்லாம் தானாக வரும். காலமும் "முழிக்கிறாங்க", "பாக்கிறாங்க" என்று நிகழ்காலத்துக்குத் தானாக மாறும். வாய்வழிக் கதையில் நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். தருணம் முடிகிற இடத்தில் மட்டும் "படுத்துட்டாங்க" என்று இறந்தகாலம் வரட்டும். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, இனி மாற்ற முடியாது என்பது அந்த வினையிலேயே தெரிந்துவிடும்.

ஒருவர் பேசியதைச் சொல்லும் இடத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. நம் வாக்கியம் வினையில் முடியும் என்பதால், "எறும்பாக இருக்கும், படு என்று அவர் கூறினார்" என்று எழுதினால் காதில் கடைசியாக விழுவது "கூறினார்". அது ஒன்றுக்கும் உதவாத சொல். பேசுகிறவரை முன்னால் வையுங்கள்: "வீட்டுக்காரர் சொல்றார்: எறும்பா இருக்கும், படு." இப்போது கடைசியாக விழுவது "படு". அதற்குப் பிறகு சின்ன நிறுத்தம் கொடுத்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர் "எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க" என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு கேட்டால் நீங்கள் சரியான தருணத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

விவரங்களை அள்ளிப் போடாதீர்கள். மூன்று மணி, பாய், கால் விரல், லைட், உதறிய பாய், புருஷன் சொன்ன வார்த்தை. இது போதும். சேலை நிறம், வெளியே பெய்த மழை, தூரத்தில் குரைத்த நாய் எதுவும் வேண்டாம். எந்த விவரத்தை வைப்பது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: பேச்சின் பின்பகுதியில் அது திரும்ப வேலைக்கு வருமா? பாய் வரும், ஏனென்றால் கட்டிலில் படுக்கச் சொல்லப் போகிறீர்கள், முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளச் சொல்லப் போகிறீர்கள். லைட் வரும். "ஒண்ணும் இல்ல" வரும், ஏனென்றால் தடம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லப் போகிறீர்கள். மழையும் நாயும் வராது.

எண்களை எங்கே வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதை முதல் வரியாக வைக்கத் தோன்றும். வேண்டாம். 58,000 என்பதை யாராலும் மனதில் பார்க்க முடியாது. அந்த அக்காவைப் பார்த்த பிறகு சொன்னால், அத்தனை வீடுகளில் இது நடக்கிறதா என்று கேட்கிறவருக்கே தோன்றும். திருக்குறளோடு ஆரம்பிப்பதும், "உங்களில் எத்தனை பேர் பாம்பைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கை தூக்கச் சொல்வதும் இப்படித்தான். கிராமத்தில் இந்தக் கேள்விக்கு எல்லாக் கையும் உயரும், அதற்கு மேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

"அந்த அக்கா பொழச்சாங்களா?" என்று யாராவது நடுவிலேயே கேட்டால் பதறாதீர்கள், நல்ல அறிகுறி. "சொல்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஆனால் கடைசி நிமிடம் வரை இழுக்க வேண்டாம். சிகிச்சை பற்றிப் பேசும் இடத்தில் சொல்லிவிடுங்கள். விஷமுறிவு மருந்தும் தேவைப்பட்டால் செயற்கை சுவாசக் கருவியும் கிடைத்தால் கட்டுவிரியன் கடித்தவரையும் காப்பாற்ற முடியும், எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அங்கே சொல்லலாம். அசையாமல் படுக்க வைத்து, கொலுசு மெட்டியைக் கழற்றி, 108-ஐக் கூப்பிடுவது என்ற வரிசையும் அதே இடத்தில் வந்துவிடும்.

இந்த அக்கா யார் என்பதைப் பற்றி. நீங்கள் வார்டில் பார்த்த நோயாளியாக இருந்தால் பெயர், ஊர், சாதி, தொழில் எதுவும் வரக் கூடாது. பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் பெயரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே வேறு சம்பவத்தைத் தேடுங்கள். நேரில் பார்த்த சம்பவம் இல்லையென்றால் இட்டுக்கட்டி "நான் பார்த்தேன்" என்று சொல்லாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் "எந்த ஆஸ்பத்திரியில?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள், அதன் பிறகு நீங்கள் சொல்கிற முதலுதவியையும் யாரும் நம்ப மாட்டார்கள். "டாக்டர்கள் இப்படித்தான் நடக்கும்னு சொல்றாங்க" என்று ஒரு சொல் முன்னால் சேர்த்துவிட்டு அதே தருணத்தைச் சொல்லலாம். வலு கொஞ்சம் குறையும், ஆனால் பொய் இருக்காது.

அதைவிட முக்கியமான ஒன்று. போவதற்கு முந்தைய நாளே அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம், சமீபத்தில் அங்கே யாராவது பாம்பு கடித்து இறந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இறந்திருந்தால், இறந்தவரின் அம்மாவோ அக்காவோ உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். அன்று இந்தத் தொடக்கம் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாக வேறு தருணத்தை எடுங்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்பவர்கள் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. அங்கே ஒருவர் பாம்பின் தலையைப் பிடித்து, வாய் மூடிக் கட்டிய ஜாடியின் விளிம்பில் கடிக்க வைத்து விஷம் எடுப்பதைப் பார்வையாளர்களே பார்க்கலாம். அந்தச் சொட்டு விஷத்திலிருந்துதான் உயிர் காக்கும் மருந்துக்கான வேலை தொடங்குகிறது. "ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு, மந்திரவாதிகிட்ட போகாதீங்க" என்பது உங்கள் முக்கியச் செய்தியாக இருந்தால், இந்தத் தருணம்தான் அதற்குப் பொருந்தும். தலைப்பு ஒன்றே என்றாலும் சொல்ல வந்தது மாறினால் தருணமும் மாற வேண்டும்.

இப்போது வணக்கத்துக்கு வருகிறேன். அதை எல்லாரும் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. பேச எழுந்தவுடன் தொண்டை வறண்டிருக்கும், மைக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியாது, கூட்டம் இன்னும் உட்கார்ந்து முடிந்திருக்காது. அந்த நேரத்தில் யோசிக்காமல் வருகிற வாக்கியம் வேண்டும். ஆகவே "வணக்கம்" என்று ஒரே சொல்லைச் சத்தமாகச் சொல்லுங்கள். மைக் எடுக்கிறதா என்று தெரிந்துவிடும். பதில் வணக்கம் வரட்டும். பேச்சுச் சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். இரண்டு மூன்று விநாடி இருக்கும், உங்களுக்கு அது ரொம்ப நேரமாகத் தோன்றும். சத்தம் அடங்காமல் "விடிகாலை மூணு மணி" என்று தொடங்கினால் அந்த மூன்று சொல்லும் காற்றோடு போய்விடும், "யார் முழிச்சாங்க?" என்று பின்வரிசையில் கேட்பார்கள்.

மேடையில் தலைமையாசிரியரோ ஊராட்சித் தலைவரோ வட்டார மருத்துவ அலுவலரோ இருந்தால் அவர்களை விளிக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. நம் ஊரில் அது மரியாதைக் குறைவு. எல்லாரையும் ஒரே வரியில் விளித்து முடித்து, முழுசாக நிறுத்தி, ஓரடி முன்னால் வந்து தருணத்தைத் தொடங்குங்கள். விளித்த அதே குரலில், அதே மூச்சில் தொடர்ந்தால் தருணமும் வரவேற்புரையின் பகுதி மாதிரிக் கேட்கும்.

ஒத்திகையில் முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு வாக்கியம் மட்டும் சொல் மாறாமல் நினைவில் இருக்கட்டும்: முதல் வாக்கியமும் கடைசி இணைப்பு வாக்கியமும். நடுவில் வருவதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி சொன்னால்தான் பேச்சு மாதிரி இருக்கும். நடிக்கவும் வேண்டாம். வலியில் முனகிக் காட்டுவது, குரலை நடுங்க வைப்பது எல்லாம் பெண்கள் கூட்டத்தில் சிரிப்பை வரவழைக்கும். விஷயமே கனமாக இருக்கும்போது குரல் சாதாரணமாக இருந்தாலே போதும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க விடுதித் தோழி ஒருத்தியிடம் சொல்லிப் பாருங்கள். "எறும்பா இருக்கும், படு" என்பதோடு நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். "அப்புறம்?" என்றால் தருணம் வேலை செய்கிறது. "சரி" என்றால் ஏதோ ஒரு விவரம் கூடிவிட்டது அல்லது நீங்கள் மிக முன்னாலேயே தொடங்கிவிட்டீர்கள். ஆரம்பத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வெட்டிவிட்டு இன்னொருத்தியிடம் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அதே தோழியிடம் "நேத்து என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். கதை மட்டும் நினைவிருந்து "தடம் தெரியலன்னாலும் போகணும்" என்பது நினைவில் இல்லையென்றால், கோளாறு தருணத்தில் இல்லை, இணைப்பு வாக்கியத்தில் இருக்கிறது.

கடைசியாக, இதை எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். வைவாவில், வார்டில் ஷிப்ட் மாற்றிக் கொடுக்கும்போது, டாக்டரிடம் நோயாளி நிலையைச் சொல்லும்போது "எதைப் பற்றிச் சொல்கிறேன்" என்பதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். கேட்கிறவருக்கு நேரம் இல்லை, ஆர்வம் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பு செமினாரில் அறிமுகத்துக்குத் தனி மதிப்பெண் இருந்தால் மதிப்பெண் தாளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் தலைப்பு முதல் ஸ்லைடிலேயே இருக்கும், அதை வாயால் படிக்காமல் நேராகத் தருணத்துக்குப் போகலாமா என்று மேடத்திடமே கேட்டுவிடுங்கள்.